‘மணல்’ என்று ஏன் பெயர் வைத்தோம்? – மழலையர் பள்ளி திறப்பு விழா உரை



அழைப்பிதழைப் பார்த்த பலர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, தலைவர் பெயர் இல்லையா? அது என்ன மணல்?" மணல்னு சொன்னாலே இப்போ நமக்கு ராத்திரி ஓடுற லாரிதான் ஞாபகம் வருது. அந்தச் சண்டை வேற மேடையில தொடரும். இது திண்ணைப் பள்ளிக்கூடத்து மணல். நம்ம தாத்தா, பாட்டி காலத்துப் பிள்ளைகள் விரலால 'அ' எழுதிப் பழகுன மணல்.

1790களில் சென்னையில் ஓர் அநாதைச் சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், நம்ம ஊர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுறதைப் பார்த்தார். தன் இல்லத்திலும் அப்படியே செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் ஒத்துக்கல. 8 வயசுப் பையன் ஒருத்தனை வச்சு சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார், நடந்துச்சு. அதை 1797-ல் லண்டனில் புத்தகமாகவே போட்டார். ஸ்காட்லாந்தில் இன்றைக்கும் 'மெட்ராஸ் காலேஜ்'னு ஒரு பள்ளி இருக்குன்னா, அதுக்கு விதை இந்த மணல்தான்.

சரி, பழம்பெருமை போதும். மணிக்கட்டில் 8 சிறு எலும்புகள் இருக்கு. மூணு வயசுல எக்ஸ்ரே எடுத்தா அதில் பாதிகூடத் தெரியாது, மீதி இன்னும் குருத்தெலும்புதான். அந்தக் கையில பென்சிலைத் திணிச்சா பிள்ளை முஷ்டியால பிடிக்கும், தோளோட சேர்த்து முழுக் கையும் ஆடும். வீட்லயே கவனிச்சுப் பாருங்க. அப்படி ஆடினா, அந்தக் கை இன்னும் பென்சிலுக்குத் தயாராகல.

அதனால எங்க வாக்குறுதி இது: முதல் வருஷம் பென்சில் கிடையாது, நோட்டு கிடையாது, வீட்டுப்பாடம் கிடையாது. சலிச்சு, கழுவி, வெயில்ல காயவச்ச மணலை ஒரு தட்டில் மெல்லிசாப் பரப்பி வைப்போம். முதல்ல எளிய எழுத்துகள்: ட, ப, ம. சுழி உள்ள 'அ' பிறகு வரும். தப்பாப் போனா பிள்ளையே உள்ளங்கையால தடவி அழிச்சுக்கும். சிவப்பு மையும் இல்ல, திட்டும் இல்ல. மூணு விரலால சாக்பீஸைப் பிடிக்கிற கைக்கு அடுத்து சிலேட்டு.

ஒண்ணை மறைக்க விரும்பல. மாசக் கடைசியில உங்களுக்குக் காட்ட எழுதுன பக்கம் ஒண்ணுகூட இருக்காது. பக்கத்து வீட்டுப் பிள்ளை நாலு கோடு நோட்டை நிரப்பும்போது உங்களுக்கு மனசு பதறும். வருஷ நடுவுல வேற பள்ளிக்கு மாத்தினா, அங்க எழுதச் சொல்லும்போது உங்க பிள்ளை கொஞ்சம் திணறும். அதையும் யோசிச்சுட்டுச் சேருங்க. பதறுறவங்களுக்காகத்தான் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கதவு திறந்திருக்கும். வந்து பிள்ளை பக்கத்துல பத்து நிமிஷம் தரையில உட்காருங்க, அது எழுதிக் காட்டும்.

நாளை காலை 9.30 மணிக்கு வகுப்பு. புதுச்சட்டை வேண்டாம், பழசைப் போட்டு அனுப்புங்க. கூட ஒரு கைத்துண்டு.

#மணல்_மழலையர்_பள்ளி