போட்ட காசும் போகாத மாடும்

நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவ. மைக் பிடிச்சுப் பழக்கமில்லை. என் மாட்டுக் கதையைச் சொல்லச் சொன்னாங்க, சொல்றேன்.

குழுக் கடன் எடுத்து 48,000 ரூபாய்க்கு ஒரு கலப்பின மாடு வாங்கினேன். முதல் ஈத்துல பால் நல்லாவே குடுத்தது. அப்புறம் சினை பிடிக்கல. 21 நாளைக்கு ஒரு தடவை பருவத்துக்கு வரும், ஊசி போடுவோம், அடுத்த 21-வது நாள் மறுபடியும் கத்தும். நாலு ஊசி வீணாப் போச்சு. வைத்தியம், தாது உப்பு என்று 6,000 ஆச்சு. பாலும் வத்திப்போச்சு. வத்தின பிறகு நாலு மாசம் சும்மா கட்டித் தீனி போட்டதில் 12,000.

அப்போ ஒரு வியாபாரி 22,000-க்குக் கேட்டார். எனக்கு வயிறு எரிஞ்சது. "66,000 போட்டிருக்கேன், 22-க்குக் குடுப்பேனா?" என்று அனுப்பிட்டேன். போட்ட காசை எடுக்காம விடக்கூடாது என்று ஒரே பிடிவாதம். உண்மையைச் சொன்னா, காசை விட வெட்கம்தான் பெருசா இருந்தது. நஷ்டத்துக்கு வித்தாள் என்று ஊர் சொல்லுமே!

எங்க குழு ஊக்குநர் அக்கா திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "இந்த மாடு உன்கிட்ட இல்லைன்னு வெச்சுக்க. கையில 22,000 இருக்கு. சந்தையில இதே மாடு, நாலு ஊசி தவறின மாடு, நிக்குது. 22,000 குடுத்து வாங்குவியா?"

"வாங்கமாட்டேன்" என்று வாய் தானா சொல்லிடுச்சு.

"அப்புறம் ஏன் தினமும் வாங்கிக்கிட்டே இருக்க?" என்றாங்க.

அன்னிக்கு ராத்திரி நோட்டுல ஒரு கோடு போட்டோம். கோட்டுக்கு மேலே இதுவரைக்கும் போனது. கீழே இனிமே ஆகப்போறது. மேலே இருக்கிற 66,000, மாட்டை வித்தாலும் வராது, வெச்சிருந்தாலும் வராது. படிச்சவங்க இதை மூழ்கிய செலவு என்று சொல்வாங்களாம். கடன் பாக்கியும் அப்படித்தான். மாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தவணை கட்டியே ஆகணும், அதனால் அதையும் சேர்க்கவில்லை. ஆனால் வியாபாரி கேட்ட 22,000 அப்படி இல்லை. வித்தால் கைக்கு வரும், வெச்சுக்கிட்டா அதை விடறோம். அதனால் அது கீழே வரும்.

கீழே எழுதினது இதுதான். அடுத்த ஊசியிலேயே சினை பிடிச்சிடும் என்று நல்லபடியாவே வெச்சுக்கிட்டோம். கன்னு போட சுமார் 280 நாள். தவிடு, புண்ணாக்கு, தட்டு எல்லாம் சேர்த்து நாளைக்கு 100 ரூபாய் என்றால் 28,000. விடுகிற 22,000-ஐச் சேர்த்தா 50,000. இதுக்கு ஒன்பது மாசம் கழிச்சு கன்னோடு ஒரு பால் மாடு. ஆனால் அன்னிக்கு எங்க சந்தையிலே கன்னோடு பால் மாடு 45,000-க்கே நின்னது, அன்னிக்கே கறக்கலாம்.

நாலு ஊசிக்குப் போன காசு கணக்கில் வராது. ஆனால் அந்த நாலு ஊசி சொன்ன சேதி வரும். ஐந்தாவதும் தவறலாம் என்பதுதான் அந்தச் சேதி. தவறினால் தீனிச் செலவு இன்னும் ஏறும்.

என் மாமியாருக்கு மாட்டின் மேல் உயிர். பாசத்துக்காக வெச்சுக்கிறதும் ஒரு காரணம்தான், தப்பில்லை. அப்படியென்றால் பாசத்துக்கு 50,000 என்று நேரா சொல்லிட்டு வெச்சுக்கலாம். போட்டதை எடுக்கத்தான் வெச்சிருக்கேன் என்று சொல்லக்கூடாது.

இதைத் தப்பாவும் பிடிச்சுக்கலாம். என் கதையைக் கேட்டுட்டு பக்கத்து வீட்டுத் தங்கச்சி, ஆறு மாசத் தையல் வகுப்பில் நாலு மாசம் முடிச்சவ, "போன ஃபீஸ் போகட்டும்" என்று நின்னுடப் பார்த்தா. நான் விடல. அவளுக்கும் கோட்டுக்குக் கீழேதான் பார்க்கணும். இன்னும் இரண்டு மாசம் போய் வந்தா ரவிக்கை தைக்கக் கத்துக்குவா, ஊரில் தைக்க ஆளும் இல்லை. ஃபீஸ் கட்டியாச்சே என்பதற்காக இல்லை, மிச்சம் இருக்கிறது கொஞ்சம், வரப்போறது நிறைய என்பதால் முடிச்சா.

நான் வித்துட்டேன். அதே 22,000 கிடைச்சது. அன்னிக்கே 45,000-க்கு மாடு வாங்க மீதிக் காசு இல்லை. இரண்டு பெட்டை ஆடு வாங்கி, மிச்சத்தைத் தவணைக்கு வெச்சேன்.

நாலு மாசம் கழிச்சு ஒரு சேதி வந்தது. வாங்கினவங்க வீட்டில் அந்த மாடு சினை பிடிச்சிடுச்சாம். மாமியார் ஒரு வாரம் என்கூடப் பேசல. எனக்கும் மனசு கேட்கல. நோட்டை எடுத்துத் திரும்பப் பார்த்தேன். சினை பிடிக்கும் என்று வெச்சுத்தானே கணக்கே போட்டிருந்தோம். அந்த 50,000 அப்படியேதான் இருந்தது.