பச்சை இஞ்சி ஐந்து பங்கு, சுக்கு ஒரு பங்கு: வீட்டு வைத்தியத்தில் அளவு மாற்றுவது எப்படி?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், மருந்துத் தரப் பரிசோதனைக் கூடத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற நம் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



மழைக்காலம் வந்தால் நம் வாட்ஸ்அப் குழுவில் கஷாயக் குறிப்புகள் வரிசையாக வரும். அவற்றின் கீழே பெரும்பாலும் இரண்டே கேள்விகள்தான் இருக்கும். "இஞ்சி இல்லை, சுக்குப்பொடி போடலாமா, எவ்வளவு?" என்பது ஒன்று. "5 கிராம் என்று போட்டிருக்கிறார்களே, அது எத்தனை ஸ்பூன்?" என்பது மற்றொன்று. இந்த இரண்டுக்கும் மட்டும் இன்று பதில் சொல்கிறேன்.

முதலில் பச்சையும் காய்ந்ததும். மூலிகை காயும்போது பெரும்பாலும் போவது தண்ணீர். பச்சை இஞ்சியின் எடையில் ஏறக்குறைய 80 சதவீதம் தண்ணீர்தான். நன்றாகக் காய்ந்த சுக்கில் 10 சதவீத அளவு ஈரம் மிஞ்சும். அதனால் 100 கிராம் இஞ்சி காய்ந்தால் 20 முதல் 25 கிராம் சுக்குதான் கிடைக்கும். இஞ்சியின் எடையை ஐந்தால் வகுத்தால் சுக்கின் எடை வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பச்சை மஞ்சளும் ஏறக்குறைய இதே கணக்குதான்.

இலைகளில் தண்ணீர் இன்னும் அதிகம். துளசி இலையை ஆறு முதல் எட்டு வரை ஏதாவது ஒன்றால் வகுக்க வேண்டியிருக்கும். நடுவில் ஏழு என்று எடுத்துக்கொள்ளலாம். ஓமவல்லி இலை சதைப்பற்றானது, அது இன்னும் அதிகமாகச் சுருங்கும்.

சமையல் புத்தகங்களில் "பச்சை இலை மூன்று ஸ்பூன் என்றால் காய்ந்தது ஒரு ஸ்பூன்" என்று ஒரு விதி பார்த்திருப்பீர்கள். அது தவறில்லை, ஆனால் அது ஸ்பூன் கணக்கு; நறுக்கிய பச்சை இலைக்கும் நொறுக்கிய காய்ந்த இலைக்கும் உரியது. அதைக் கிராமுக்குப் போட்டால் கணக்கு தப்பிவிடும். 30 கிராம் பச்சைத் துளசிக்கு 10 கிராம் காய்ந்த துளசி என்று எடுத்தால், தேவையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் போட்டுவிடுவோம். எடை என்றால் எடைக் கணக்கு, ஸ்பூன் என்றால் ஸ்பூன் கணக்கு. இரண்டையும் கலக்காதீர்கள்.

உங்கள் பால்கனித் துளசிக்குச் சரியான எண் வேண்டுமென்றால் நீங்களே கண்டுபிடிக்கலாம். காம்பு நீக்கிய இலை 50 கிராம் எடுத்து, துணியில் பரப்பி, நிழலில் காற்றோட்டமாக உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் வாசனை எண்ணெய் பறந்துவிடும். கையில் கசக்கினால் சரசரவென்று பொடியாக வேண்டும். தோல் போல மடங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். அப்படியே டப்பாவில் அடைத்தால் பூஞ்சை பிடிக்கும். காய்ந்தபின் 7 கிராம் நின்றால், 50-ஐ 7-ஆல் வகுத்து ஏழு என்று டப்பாவின் மேல் எழுதி வையுங்கள்.

அடுத்தது ஸ்பூன். டீஸ்பூன் என்றால் 5 மில்லி. ஸ்பூன் அளப்பது இடத்தை, எடையை அல்ல. தண்ணீர் ஒரு டீஸ்பூன் 5 கிராம் இருக்கும். அதே ஸ்பூனில் தேன் 7 கிராம், தலைதட்டிய மஞ்சள்பொடி 3 கிராம், மிளகுப்பொடி 2 கிராமுக்குச் சற்று மேல், சுக்குப்பொடி 2 கிராமுக்குச் சற்றுக் குறைவு. கையால் நொறுக்கிய காய்ந்த இலை முக்கால் கிராம்கூட வராது. அதையே பொடித்துச் சலித்தால் ஒன்றரை கிராம் வரும். ஆகவே "ஒரு ஸ்பூன் 5 கிராம்" என்று எல்லாவற்றுக்கும் போடுவது பொடிகளுக்குப் பொருந்தாது.

நம் வீட்டு ஸ்பூன்களும் ஒரே அளவாக இருப்பதில்லை. இருமல் மருந்துடன் வரும் அளவு மூடியில் 5 மில்லி கோடு இருக்கும். அதுவரை தண்ணீர் ஊற்றி, உங்கள் ஸ்பூனில் மாற்றிப் பாருங்கள். வழிந்தால் ஸ்பூன் சிறியது, நிரம்பாவிட்டால் பெரியது. பொடி அளக்கும்போது அமுக்காமல் அள்ளி, கத்தியின் பின்பக்கத்தால் தலைதட்டுங்கள். கூம்பாக அள்ளினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்துவிடும்.

சமையலறைத் தராசு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழி. அந்தத் தராசு பெரும்பாலும் ஒரு கிராம் படியில்தான் காட்டும். ஒரு ஸ்பூன் சுக்குப்பொடியை வைத்தால் 1 என்றும் காட்டலாம், 2 என்றும் காட்டலாம். அதை நம்பாதீர்கள். தலைதட்டிய 10 ஸ்பூன் பொடியைக் கிண்ணத்தில் போட்டு நிறுத்து, வருவதைப் பத்தால் வகுங்கள். 18 கிராம் வந்தால் ஒரு ஸ்பூன் 1.8 கிராம்.

இப்போது ஒரு குறிப்பைப் போட்டுப் பார்ப்போம். நான்கு பேருக்கான கஷாயம்: இஞ்சி 20 கிராம், பச்சைத் துளசி 14 கிராம், தண்ணீர் 4 டம்ளர், பாதியாகச் சுண்ட வேண்டும். வீட்டில் இருப்பதோ சுக்குப்பொடியும் காய்ந்த துளசியும்.

இஞ்சி 20-ஐ 5-ஆல் வகுத்தால் சுக்கு 4 கிராம். ஒரு ஸ்பூன் 1.8 கிராம் என்பதால் தலைதட்டி இரண்டு ஸ்பூனுக்குச் சற்று மேல், இரண்டு போதும். துளசி 14-ஐ 7-ஆல் வகுத்தால் 2 கிராம். நொறுக்கிய இலையாக மூன்று ஸ்பூன், பொடியாக ஒன்றரை ஸ்பூன். கணக்குப் பார்க்காமல் 20 கிராம் சுக்குப்பொடியைப் போட்டிருந்தால் அது 11 ஸ்பூன், அதாவது 100 கிராம் இஞ்சிக்குச் சமம். குடித்தவருக்கு நெஞ்செரிச்சலும் வயிற்று எரிச்சலும்தான் மிஞ்சும். முதல் வாயிலேயே தொண்டை எரிந்தால் அளவு தப்பிவிட்டது. தண்ணீர் சேர்த்துச் சமாளிக்காமல் கொட்டிவிடுங்கள். தண்ணீர் சேர்த்தால் காரம் குறையுமே தவிர, உள்ளே போகும் மருந்தின் அளவு குறையாது.

இந்தக் கணக்குக்கு ஒரு எல்லை உண்டு. இது தண்ணீரை மட்டும் சரிக்கட்டுகிறது, குணத்தை அல்ல. இஞ்சி காயும்போது அதன் காரப்பொருளில் ஒரு பகுதி வேறொன்றாக மாறுகிறது. அதனால்தான் சுக்கின் காரம் வேறு மாதிரி இருக்கிறது. துளசியில் நேர்மாறாக வாசனை எண்ணெய் குறைகிறது. எனவே காய்ந்த துளசி மணக்கவில்லையே என்று அளவைக் கூட்டாமல், புதிதாக உலர்த்துங்கள். திரிகடுகம் போன்ற சூரணங்களில் சுக்கு என்றே சொல்லியிருந்தால் பச்சை இஞ்சி போட்டு மாற்றவே வேண்டாம்.

கணக்குச் சரியாக இருந்தாலும் சிலர் மருத்துவரைக் கேட்டுத்தான் தொட வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் சுக்கையும் மஞ்சளையும் மருந்தளவில் தினமும் எடுக்கக் கூடாது. அதிமதுரம் நாள்கணக்கில் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும். பிரஷர் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் ஒரு துளியும் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் பெரியவர்கள் அளவைப் பாதியாக்கிக் கொடுப்பதும் வேண்டாம்.

குழுவில் இனிக் குறிப்புப் போடுபவர்களிடம் ஒரு வேண்டுகோள். பச்சையா காய்ந்ததா, இலையா பொடியா, கிராமா தலைதட்டிய ஸ்பூனா, எத்தனை பேருக்கு என்பதைச் சேர்த்து எழுதுங்கள். அந்த விவரம் இல்லாத குறிப்பைப் பார்த்தால், செய்வதற்கு முன் கேட்டுவிடுங்கள்.