'சார் வேஸ்ட்', 'மேம் சூப்பர்': ஃபீட்பேக் ஃபார்ம்ல வேற என்ன எழுதலாம்?

செமஸ்டர் முடியப்போற நேரம். இன்னும் கொஞ்ச நாள்ல உங்க காலேஜ் போர்ட்டல்ல ஃபீட்பேக் லிங்க் வந்துடும். சில காலேஜ்ல அதை முடிச்சாத்தான் ஹால் டிக்கெட்டே டவுன்லோட் ஆகும். ஆறு பேப்பர், ஆறு பேர், ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு கேள்வி. பஸ்ல ஒரு கையில கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால எல்லாத்துக்கும் 5 தட்டிட்டுப் போறவங்க ஒரு பக்கம். இன்டர்னல்ல மார்க் குறைஞ்ச கடுப்புல எல்லாத்துக்கும் 1 போடுறவங்க இன்னொரு பக்கம். கடைசியில காலியா ஒரு கமென்ட் பாக்ஸ் இருக்கும். அதுல 'வேஸ்ட்', 'சூப்பர்', இல்லன்னா வெறும் ஒரு புள்ளி.

இன்னைக்கு அந்தக் கமென்ட் பாக்ஸ் பத்திப் பேசப்போறேன். ஏன்னா அந்த 1 முதல் 5 வரைக்குமான மார்க்ல நீங்க நினைக்கிற அளவுக்கு விஷயம் இல்லை.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 60 பேர் இருக்கிற வகுப்பு. 40 பேர் 5 போடுறாங்க, 20 பேர் 1 போடுறாங்க. மொத்தம் 220, சராசரி 3.67. பக்கத்து செக்‌ஷன்ல 40 பேர் 4 போடுறாங்க, 20 பேர் 3 போடுறாங்க. அங்கேயும் 220, அதே 3.67. முதல் வகுப்புல மூணுல ஒருத்தர் முழுசா கழண்டு போயிட்டார். ரெண்டாவது வகுப்புல எல்லாரும் சுமாரா ஓட்டிக்கிட்டு இருக்காங்க. ரெண்டும் வேற வேற பிரச்சினை. ஆனா ஹெச்ஓடி டேபிளுக்குச் சராசரி மட்டும் போச்சுன்னா, அங்கே தெரியறது ஒரே எண்தான்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. 2015ல அமெரிக்காவுல மேக்நெல், டிரிஸ்கால், ஹன்ட்னு மூணு பேர் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஆன்லைன் கோர்ஸ், மாணவர்கள் ஆசிரியரை நேர்ல பார்க்கவே மாட்டாங்க. ஒரே ஆசிரியர் ஒரு குழுவுக்கு ஆண் பேர்லயும், இன்னொரு குழுவுக்குப் பெண் பேர்லயும் பாடம் எடுத்தார். திருத்தின வேலையை எல்லாக் குழுவுக்கும் ஒரே நேரத்துல திருப்பிக் கொடுத்தாங்க. ஆனாலும் 'சீக்கிரம் திருத்தித் தர்றாரா' என்கிற கேள்விக்கு ஆண் பேருக்கு 4.35, பெண் பேருக்கு 3.55. சின்ன ஆய்வுதான், மாணவர் எண்ணிக்கை கம்மி. ஆனா பாருங்க, 'சீக்கிரம்' என்கிறது நாள் கணக்குல எண்ணக்கூடிய ஒரு விஷயம். அதுலயே மனசு இப்படி விளையாடுது.

அப்ப என்ன பண்ணலாம்? எண்ண முடியறதை எண்ணி எழுதிடலாம். 'பேப்பர் தரவே மாட்டார்'னு எழுதினா அது கோபம். 'முதல் இன்டர்னல் பேப்பர், ரெண்டாவது இன்டர்னலுக்கு முந்தின நாள்தான் கைக்கு வந்தது. எங்கே தப்பு பண்ணேன்னு பார்த்துத் திருத்திக்க நேரம் கிடைக்கலை'ன்னு எழுதினா அது தகவல். இதுலயும் கோபம் இருக்கு, இருக்கட்டும். ஆனா படிக்கிறவர் இதை மறுக்க முடியாது.

ஒரு முழு உதாரணம் எடுத்துக்கலாம். ஈசிஇ, சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் பேப்பர். மேம் வேகமா போறாங்கன்னு வகுப்புல பேச்சு. கமென்ட்ல 'டூ ஃபாஸ்ட்'னு எழுதினா அவங்க என்ன பண்ணுவாங்க? அடுத்த வருஷம் எல்லாத்தையும் கொஞ்சம் மெதுவா எடுத்து, கடைசி யூனிட்டை ஒரே நாள்ல முடிப்பாங்க. பிரச்சினை வேகமே இல்லைன்னு வையுங்க. அது கன்வல்யூஷன்லதான் இருக்கு. கிராஃபிக்கல் முறையில ஒரு சிக்னலைத் திருப்பிப் போட்டு, நகர்த்திக்கிட்டே போய், ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு விழற பகுதியை இன்டெக்ரேட் பண்ணணும். நகர நகர இன்டெக்ரல் லிமிட்ஸ் மாறும். எந்த இடத்துல மாறுதுன்னு பிடிபடலைன்னா மொத்தக் கணக்கும் போச்சு.

அப்ப கமென்ட் இப்படி இருக்கலாம்:

"கிராஃபிக்கல் கன்வல்யூஷனை ஒரே பீரியட்ல முடிச்சோம். ஒரு கணக்கு போர்டுல முழுசா போட்டாங்க. ரெண்டாவது கணக்குக்கு ஸ்லைடுல படமும் விடையும் மட்டும் இருந்தது. லிமிட்ஸ் எப்ப மாறுதுன்னு எனக்குப் புரியலை. ட்யூட்டோரியல்ல மூணு கணக்குல ஒண்ணுதான் போட முடிஞ்சது. ஃபூரியர் சீரிஸ் எடுத்தப்ப ஒவ்வொரு ஸ்டெப்பையும் போர்டுல போட்டு, நடுவுல நிறுத்தி எங்களையே அடுத்த ஸ்டெப் கேட்டாங்க. அது நல்லாப் புரிஞ்சது. கன்வல்யூஷனுக்கும் அதே மாதிரி இன்னொரு கணக்கு போர்டுல வேணும்."

இதுல பாராட்டு இருக்கு, ஆனா அது குறைக்கு மேல தடவின வெண்ணெய் இல்லை. அவங்க ஏற்கெனவே செஞ்ச ஒண்ணையே, இன்னொரு இடத்துலயும் செய்யுங்கன்னு கேட்குது. 'எனக்குப் புரியலை'ன்னு இருக்கு, 'யாருக்குமே புரியலை'ன்னு இல்லை. மத்த 59 பேர் மண்டைக்குள்ள என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது. கேட்டிருக்கிறதும் ஒரு பீரியட்ல முடியற வேலை. மென்பொருள் வேலையில பக் ரிப்போர்ட்டும் இப்படித்தான் வேணும்னு கேட்போம். 'ஆப் வேலை செய்யலை'ன்னு டிக்கெட் வந்தா அதை யாரும் தொடமாட்டாங்க. எந்த ஸ்க்ரீன், எதை அழுத்தினீங்க, என்ன வந்ததுன்னு இருந்தா அன்னைக்கே ஒருத்தர் உட்கார்ந்து பார்ப்பார்.

'சப்ஜெக்ட் நாலெட்ஜ் எப்படி?'னு ஒரு கேள்வி பெரும்பாலான ஃபார்ம்ல இருக்கும். என்னைக் கேட்டா, அந்தப் பாடத்தை முதல் தடவை படிக்கிற ஒருத்தர் அதுக்கு மார்க் போட முடியாது. கேட்ட சந்தேகத்துக்குப் பதில் வந்ததா, 'நாளைக்குப் பார்த்துச் சொல்றேன்'னவர் மறுநாள் சொன்னாரா, இது உங்களுக்குத் தெரியும். அதை எழுதுங்க. புடவை, உச்சரிப்பு, எந்த ஊர்க்காரர், இதெல்லாம் வேண்டவே வேண்டாம். பின் பெஞ்சுக்குக் குரல் கேட்கலைன்னா அது மட்டும் விஷயம். கோபத்துல எழுதறீங்களான்னு சந்தேகம் வந்தா ஒண்ணு பாருங்க: இன்டர்னல்ல 50க்கு 45 வாங்கியிருந்தா இதே வரியை எழுதுவீங்களா?

பயம் பத்தியும் பேசணும். ரெஜிஸ்டர் நம்பர் போட்டு லாகின் பண்ணிட்டு, 'அனானிமஸ்'னு சொன்னா யார் நம்புவாங்க? இன்டர்னல் மார்க் அவங்க கையில. பயம் நியாயமானதுதான். அதனால உங்களை மட்டும் காட்டிக்கொடுக்கிற விவரத்தை விடுங்க. 'நான் எழுந்து கேட்டப்ப திட்டினார்'னு எழுதினா ஆள் யாருன்னு தெரிஞ்சுடும். 'வகுப்புல சந்தேகம் கேட்டா, முன்னாடியே சொன்னேனேன்னுதான் பதில் வருது. அதனால கேட்கிறதை நிறுத்திட்டோம்'னு எழுதினா அது பலர் சொல்லக்கூடியது. இங்கே 'நிறுத்திட்டோம்' சரிதான், ஏன்னா அது வெளியில தெரியற விஷயம்.

பாலியல் தொல்லை, சாதி சொல்லித் திட்டறது மாதிரி விஷயங்களை இந்த ஃபார்ம்ல போடாதீங்க. அங்கே அது ஒரு சராசரிக்குள்ள காணாமப் போயிடும். பாலியல் தொல்லைன்னா காலேஜ்ல இன்டர்னல் கம்ப்ளெயின்ட்ஸ் கமிட்டி இருந்தாகணும், அங்கே எழுத்துல கொடுங்க. சாதி விஷயத்துக்கும் தனியா எழுத்துப் புகார்தான் வழி.

யார் படிக்கப்போறாங்கன்னு கேட்பீங்க. நாக் மதிப்பீட்டுக்கு ஃபீட்பேக் வாங்கினா மட்டும் போதாது, அதை வெச்சு என்ன நடவடிக்கை எடுத்தாங்கன்னும் காலேஜ் காட்டணும். அந்த அறிக்கை எழுத உட்கார்றவருக்கு 'வேஸ்ட்'டை வெச்சு ஒரு வரியும் எழுத முடியாது. 'கன்வல்யூஷனுக்குக் கூடுதலா ஒரு ட்யூட்டோரியல்'னு எழுத முடியும். பார்மாலிட்டிக்குத்தான் எழுதறாங்கன்னே வெச்சுக்குங்க, அவங்களுக்கும் ஒரு வரி வேணுமில்ல?

ஒரு குறை மட்டும் இருக்கு. செமஸ்டர் கடைசியில எழுதறதோட பலன் ஜூனியர்ஸுக்குத்தான் போகும். உங்களுக்கே வேணும்னா முதல் இன்டர்னல் முடிஞ்ச வாரம் சிஆர் கிட்ட சொல்லுங்க. ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு, பேர் வேண்டாம், ரெண்டே கேள்வி: எந்த டாபிக் புரியலை, எப்படி எடுத்தப்ப புரிஞ்சது. ஒரே டாபிக் இருபது சீட்டுல வந்தா, சிஆர் அதைத் தொகுத்து ஒரு தாள்ல எழுதி மேம் கிட்ட கொடுக்கட்டும். சீட்டையே கொடுக்க வேண்டாம், கையெழுத்து தெரிஞ்சுடும்.