ரெண்டு 'இல்லை' சேர்ந்தா 'ஆமா' ஆகுமா?



மறுப்பை மறுத்தால் உடன்பாடு. இது தர்க்க விதி. தமிழிலும் உண்டு. 'அவனுக்குத் தெரியாமல் இல்லை' என்றால் தெரியும் என்றுதான் அர்த்தம். இந்த விதியைக் காட்டியே அமெரிக்கக் கறுப்பினப் பிள்ளைகளின் வாயை அடைத்தார்கள்.

'ஹீ டோன்ட் நோ நத்திங்' என்கிறது ஒரு பிள்ளை. அவனுக்கு ஒண்ணும் தெரியாது என்று பொருள். பள்ளிக்கூட ஆங்கிலத்தில் 'நத்திங்' இருக்கிற இடத்தில் 'எனிதிங்' வரணும். ரெண்டு மறுப்பும் அடிபட்டு 'ஏதோ தெரியும்' என்று ஆகிவிடுகிறதாம். ஆகவே பிள்ளைக்குத் தர்க்கம் தெரியவில்லையாம்.

1969இல் வில்லியம் லபோவ் என்ற மொழியியலாளர் இதை உடைத்தார். அந்த வாக்கியத்தைக் கேட்டு 'அவனுக்கு ஏதோ தெரியும்' என்று எந்த ஆசிரியராவது புரிந்துகொள்கிறாரா? இல்லை. சரியாகப் புரிந்துகொண்டுதானே திருத்துகிறார்!

கணக்குதான் அளவுகோல் என்றால் இன்னொன்று கேட்போம். 'ஹீ டோன்ட் நோ நத்திங் அபௌட் நோ புக்'. இதில் மூன்று மறுப்பு. ரெண்டு அடிபட்டால் ஒன்று மிஞ்சும், கணக்குப்படி சரி. ஆனாலும் சிவப்பு மைதான் விழுகிறது.

உண்மையில் அங்கே இருப்பது ஒரே மறுப்பு; அது பல சொல்லில் அடையாளம் பதிக்கிறது. 'அவள் வந்தாள்' என்கிறோம். 'அவள்' பெண், 'ஆள்' விகுதியும் பெண். ரெண்டு பெண் வந்ததாக யாரும் எண்ணுவதில்லை. அதுமாதிரி இயைபுதான் இதுவும். 'தெரியாமல் இல்லை'யில் கதை வேறே. ஒரு மறுப்பின்மேல் இன்னொரு மறுப்பு ஏறுகிறது, அதனால் அடிபடுகிறது.

இயைபுக்கும் சட்டம் உண்டு. 'எனி' வரக்கூடிய இடத்தில்தான் 'நோ' வரும். 'அந்தப் புத்தகம்' என்று குறிப்பிட்ட ஒன்றைச் சொன்னால் 'தட் புக்' அப்படியே நிற்கும். 'ஒண்ணுமே தெரியாதுன்னு இல்லை' என்று சொல்ல வேண்டுமானால் 'நத்திங்'கை அழுத்திச் சொல்வார்கள். ஆக, அடித்துக் கழிக்கவும் அவர்களுக்குத் தெரியும்.

ஸ்பானிய மொழியில் 'நான் யாரையும் பார்க்கவில்லை' என்பதை 'நோ வி ஆ நாதியே' என்பார்கள். 'நோ' மறுப்பு, 'நாதியே' என்றால் 'ஒருவரும் இல்லை'. அங்கே அதுதான் இலக்கண சுத்தம். பதினாலாம் நூற்றாண்டு ஆங்கிலக் கவி சாஸரும் மறுப்பை அடுக்கி எழுதியவர்தான். பிறகு எழுத்து ஆங்கிலத்தில் அந்த வழக்கு அருகிப்போனது. 18ஆம் நூற்றாண்டு இலக்கணக்காரர்கள் அதற்குத் தர்க்கம் என்று காரணம் கற்பித்தார்கள். உழைக்கும் மக்கள் வாயில் அது நிலைத்தது.

பிள்ளைகளுக்கு இதனால் என்ன நேர்ந்தது? மிச்சிகன் மாநிலம் ஆன் ஆர்பரில் கறுப்பினப் பிள்ளைகள் சார்பில் வழக்குப் போட்டார்கள். 1979இல் தீர்ப்பு வந்தது. வீட்டு மொழியைக் கறுப்பினப் பேச்சில் கற்பியுங்கள் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. பொது ஆங்கிலம் வாசிக்கக் கற்றுக்கொடுக்கும்போது, பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவரும் மொழியை ஆசிரியர் அறிந்து கணக்கில் எடுக்க வேண்டும் என்றது. பொது ஆங்கிலத்தைச் சொல்லிக்கொடுங்கள், வேண்டியதுதான். அதை 'இன்னொரு விதி' என்று சொல்லிக்கொடுங்கள். 'உனக்குப் புத்தி இல்லை' என்று சொல்லிக்கொடுக்காதீர்கள்.