இரண்டாகப் பிரியும் விடை

பள்ளியில் படித்த நாளில் ஒரு தேர்வில் நான் எழுதிய விடை ஒன்று இன்றும் என் நினைவில் இருக்கிறது. வினா மிகச் சிறியது. x என்ற எண்ணிலிருந்து 3 ஐக் கழித்து, கிடைப்பதன் மட்டு மதிப்பை எடுத்தால், அது 4 ஐ விடப் பெரிதாக இருக்க வேண்டும். அப்படியானால் x எவையெவையாக இருக்கலாம்? குறியீட்டில் எழுதினால், |x − 3| > 4.

இதற்கு முந்தைய வினாவில் இதே கணக்கு "சிறியது" என்ற குறியுடன் வந்திருந்தது. அதற்கு −1 < x < 7 என்று சரியாகவே எழுதியிருந்தேன். இப்பொழுது குறி மட்டுந்தானே திரும்பியிருக்கிறது என்று எண்ணி, விடையிலும் குறிகளை மட்டும் திருப்பி, −1 > x > 7 என்று எழுதிவிட்டேன். விடைத்தாள் திரும்பி வந்தபோது, ஆசிரியர் அதை அடிக்கவில்லை, பக்கத்தில் சிவப்பு மையால் ஒரு வரி எழுதியிருந்தார்: "இத்தகைய எண் ஒன்றைச் சொல்."

−1 ஐ விடச் சிறியதாகவும், அதே சமயத்தில் 7 ஐ விடப் பெரியதாகவும் இருக்கும் ஓர் எண்ணை நான் எங்கே தேடுவேன்! அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னால் விடை கூற முடியவில்லை. ஒருவராலும் கூற முடியாது. ஆனால் அந்தக் கேள்வியே எனக்கு அந்தப் பாடத்தைக் கற்பித்தது. அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

வானொலியில் கரும்பலகை கிடையாது. ஆகவே நேயர்கள் தத்தம் மனத்திலேயே ஒரு நேர்கோட்டை வரைந்துகொள்ள வேண்டுகிறேன். நடுவில் பூச்சியம். அதன் வலப்புறத்தில் 1, 2, 3 என்று மிகை எண்கள். இடப்புறத்தில் −1, −2, −3 என்று குறை எண்கள். கோடு இரு பக்கமும் முடிவின்றிச் செல்கிறது.

ஓர் எண்ணின் மட்டு மதிப்பு என்பது, பூச்சியத்திலிருந்து அந்த எண் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதே. 5 இன் மட்டு மதிப்பு 5. −5 இன் மட்டு மதிப்பும் 5. தொலைவுக்குத் திசை தெரியாது; எத்தனை அடி என்று மட்டுமே அது சொல்லும். இதைக் குறிக்க எண்ணின் இருபுறமும் நாம் இடும் செங்குத்துக் கோடுகளை 1841 ஆம் ஆண்டில் பயன்படுத்தியவர் ஜெர்மானியக் கணித அறிஞர் வையர்ஸ்ட்ராஸ்.

இனி |x − 3| என்பதைப் பார்ப்போம். அது x க்கும் 3 க்கும் இடையே உள்ள தொலைவாகும். x ஐ 8 என்று கொண்டால், 8 இலிருந்து 3 போக 5. எட்டுக்கும் மூன்றுக்கும் இடையே ஐந்து அடி. x ஐ −2 என்று கொண்டால் −2 − 3 என்பது −5. அதன் மட்டு மதிப்பு 5. இங்கும் ஐந்து அடிதான். ஒன்று வலப்புறம், மற்றது இடப்புறம், தொலைவு ஒன்றே.

ஆகவே வினாவை வீட்டுத் தமிழில் இப்படிச் சொல்லிவிடலாம்: "3 இலிருந்து நான்கு அடிக்கு மேல் தள்ளியிருக்கும் எண்கள் எவை?" இப்பொழுது 3 இன்மேல் நின்றுகொள்ளுங்கள். வலப்பக்கம் நான்கு அடி நடந்தால் 7. இடப்பக்கம் நான்கு அடி நடந்தால் −1. இவ்விரு இடங்களிலும் ஒவ்வொரு முளை அடித்துவையுங்கள். நான்கு அடிக்குள் இருப்பவை யாவும் இரு முளைகளுக்கும் நடுவே ஒரே துண்டாகக் கிடக்கின்றன. நான்கு அடிக்கு அப்பால் இருப்பவையோ, 7 ஐத் தாண்டி வலப்புறம் செல்லும் ஒரு கதிரிலும், −1 ஐத் தாண்டி இடப்புறம் செல்லும் மற்றொரு கதிரிலும் இருக்கின்றன. முளை நிற்கும் இடங்கள் சரியாக நான்கு அடித் தொலைவில் உள்ளவை. நான்குக்கு மேற்பட்டவை அல்ல. எனவே 7 உம் −1 உம் விடையில் சேரா. வினாவில் "4 அல்லது அதற்கு மேல்" என்றிருந்தால் மட்டுமே அவை சேரும்.

ஆனால் விடை ஏன் இரண்டு துண்டாக வேண்டும்? மட்டு மதிப்பின் மாயமா இது? அன்று. கோட்டின் இயல்பு இது. வலப்புறக் கதிரில் ஓர் எறும்பு இருப்பதாக எண்ணுங்கள். அது கோட்டை விட்டு இறங்காமல் இடப்புறக் கதிருக்குப் போக விரும்பினால், இரு முளைகளுக்கும் நடுவே உள்ள நிலத்தைக் கடந்தே ஆக வேண்டும். 3 என்ற எண்ணின் மேலேயே நடந்து செல்ல வேண்டும். சுற்றிப் போக வழியில்லை. ஆகவே நடுவிலிருந்து ஒரு துண்டை எடுத்துவிட்டால், எஞ்சியது ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டாகிவிடுகிறது.

இதே கேள்வியைத் தரையில் கேட்டுப் பாருங்கள். ஒரு புள்ளியிலிருந்து நான்கு அடிக்கு மேல் தள்ளியிருக்கும் இடங்கள் எவை? அப்புள்ளியை மையமாகக் கொண்டு நான்கு அடி ஆரமுள்ள வட்டம் வரைந்தால், வட்டத்துக்கு வெளியே உள்ள இடமெல்லாம் விடை. அது ஒரே துண்டு! எறும்பு வட்டத்தைத் தொடாமலே சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய்விடும். தரைக்கு அகலம் உண்டு. கோட்டுக்கு அகலம் இல்லை. விடை பிரிவதன் காரணம் இவ்வளவே.

இதிலிருந்து ஒரு சொல்லின் முக்கியத்துவம் விளங்கும். நடுத்துண்டில் இருக்கும் எண் இரண்டு நிபந்தனைகளுக்கும் ஒருங்கே கட்டுப்பட்டது: −1 ஐ விடப் பெரியது, 7 ஐ விடச் சிறியதும்கூட. ஆகவே அதனை −1 < x < 7 என்று ஒரே சங்கிலியாகக் கோக்கலாம். வெளியே இருக்கும் எண்ணோ ஏதேனும் ஒரு கதிரில்தான் இருக்க முடியும். ஆகையால் x < −1 அல்லது x > 7 என்று எழுத வேண்டும். அந்த "அல்லது" என்ற சொல்லைச் சங்கிலிக்குள் அடைக்க முடியாது. நான் அடைக்க முயன்றேன். எண்ணே இல்லாத விடை கிடைத்தது.

இயற்கணித முறையில் செய்யும்போதும் இதே பிரிவு தோன்றுகிறது. x − 3 குறை எண்ணாக இல்லாவிட்டால், அதன் மட்டு மதிப்பு அதுவேதான். x − 3 > 4. ஆகவே x > 7. x − 3 குறை எண்ணாக இருந்தால், அதன் மட்டு மதிப்பு −(x − 3). அது 4 ஐ விடப் பெரியது. இருபுறமும் −1 ஆல் பெருக்கினால் குறி திரும்பி, x − 3 < −4. ஆகவே x < −1. பலர் இரண்டாவது படியில் 4 ஐ மட்டும் −4 ஆக்கிவிட்டுக் குறியைத் திருப்ப மறந்துவிடுகிறார்கள். அப்பொழுது x > −1 என்று வரும். அது தவறென்று எப்படிக் கண்டுகொள்வது? பூச்சியத்தை இட்டுப் பாருங்கள். −1 ஐ விடப் பூச்சியம் பெரியதுதான். ஆனால் 3 இலிருந்து அது மூன்று அடியிலேயே இருக்கிறது. நான்குக்கு மேல் இல்லை. எனவே விடை தவறு. இடக்கதிரில் ஓர் எண், நடுவில் ஓர் எண், வலக்கதிரில் ஓர் எண் என மூன்றை இட்டுப் பார்க்க அரை நிமிடம் போதும்.

இது ஏட்டுக் கணக்கோடு முடிவதில்லை. பிற்காலத்தில் ஒரு தொழிற்கூடத்துக்குச் சென்றபோது, என் பழைய வினாவை எஃகில் கண்டேன். அங்கே கடைசல் இயந்திரத்தில் உருளைத் தண்டுகள் கடைந்துகொண்டிருந்தார்கள். தண்டின் விட்டம் 25 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், 0.02 மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் ஏற்றுக்கொள்வார்கள். அதற்கு மேல் பிசகினால் தள்ளிவிடுவார்கள். விட்டத்தை d என்று கொண்டால், தள்ள வேண்டிய தண்டுகள் |d − 25| > 0.02 என்பதை நிறைவு செய்பவை. அதாவது, d > 25.02 அல்லது d < 24.98.

சோதிப்பவர் கையில் வாய் பிளந்த ஒரு கருவி இருந்தது. அதற்குக் 'கோ, நோ-கோ கேஜ்' என்று பெயர். அதில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு இடைவெளிகள். முதலாவது 25.02 மில்லிமீட்டர், இரண்டாவது 24.98. நல்ல தண்டு முதல் வாயில் நுழையும். இரண்டாவதில் தடைபட்டு நிற்கும். முதல் வாயிலேயே நுழையாத தண்டு பருத்தது. இரண்டு வாயிலும் நுழைந்து விழுந்துவிடும் தண்டு இளைத்தது. ஒரு வாய் மட்டும் இருந்தால் ஒரு கதிரை மட்டுமே பிடிக்கலாம், மறுகதிர் தப்பிவிடும். ஆகவேதான் வாய்கள் இரண்டு.

சோதிப்பவர் தள்ளிய தண்டுகளையும் ஒரே பெட்டியில் போடவில்லை. இரு பெட்டிகளில் போட்டார். ஏனென்று கேட்டேன். "பருத்ததை மறுபடி இயந்திரத்தில் ஏற்றிச் செதுக்கி எடுத்துவிடலாம், ஐயா. இளைத்ததில் இரும்பை எப்படி ஒட்டுவது? அது பழைய இரும்புக்குத்தான் போகும்" என்றார். இரண்டும் ஒரே அளவு பிசகியவையாக இருக்கலாம். மட்டு மதிப்பு இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கலாம். ஆயினும் ஒன்று பிழைக்கும், மற்றது பிழைக்காது. "0.02 க்கு மேல் பிசகு" என்று மட்டும் ஏட்டில் குறித்துவைத்தால் இந்த வேற்றுமை மறைந்துவிடும். அதை இரண்டு கதிர்களாகப் பிரித்து எழுதும்போதுதான் வெளிப்படுகிறது.

முடிக்கும் முன் ஓர் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். வலப்புறம் 4 க்குப் பதிலாகப் பூச்சியம் இருந்தால், |x − 3| > 0, நடுத்துண்டு சுருங்கி 3 என்ற ஒரு புள்ளியாகிவிடும். அந்த ஒரு புள்ளியை எடுத்தாலும் கோடு இரண்டாகவே அறுபடும். ஆனால் வலப்புறம் −2 என்று குறை எண் இருந்தால்? எந்தத் தொலைவும் குறை எண்ணை விடப் பெரியதே. ஆகவே எல்லா எண்களும் விடை. நம் விதியும் இதையே சொல்கிறது: x − 3 > −2 அல்லது x − 3 < 2, அதாவது x > 1 அல்லது x < 5. இரு கதிர்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கோடு முழுவதையும் மூடிவிடுகின்றன. நடுவில் எடுக்க ஒன்றும் இல்லாதபோது பிரிவும் இல்லை.

இளைஞர்களே, அடுத்த முறை இத்தகைய கணக்கில் விடை எழுதியதும், என் ஆசிரியர் சிவப்பு மையால் கேட்டதை நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்: "இத்தகைய எண் ஒன்றைச் சொல்." 8 என்று ஒன்றைச் சொல்ல முடிந்தால், அத்தோடு நின்றுவிடாமல், மறுபக்கத்திலிருந்தும் −2 என்று இன்னொன்றைச் சொல்லிப் பாருங்கள்.