நண்பனுக்கு ‘இல்லை’ என்று சொல்லுதல்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



பல்கலைக்கழகத்திற் படித்துக்கொண்டே, விழாக்களுக்குப் புகைப்படம் எடுத்து என் கைச்செலவைப் பார்த்துக்கொள்பவன் நான். அந்தத் தொழிலில் என்னை மிகவும் வருத்திய ஒரு விஷயத்தைப் பற்றிச் சில வார்த்தை பேச விரும்புகிறேன். நண்பன் ஒருவன் வந்து, “எங்கள் வீட்டு விசேஷத்துக்குச் சும்மா படம் எடுத்துத் தா” என்று கேட்டால், அதை மறுப்பது எப்படி என்பதே அவ்விஷயம். இதனை நான் புத்தகத்திற் படிக்கவில்லை; ஒருமுறை மறுக்கத் தெரியாமல் அகப்பட்டுத்தான் படித்தேன்.

மூன்று வருடங்களுக்கு முன் என் நண்பன் ஒருவன் தன் தமையனின் கலியாணத்துக்கு என்னைக் கேட்டான். பணம் பற்றிய பேச்சே எழவில்லை. எனக்கு மனமில்லை, ஆனாலும் முகத்துக்கு நேரே மறுக்கக் கூச்சப்பட்டு, “பார்ப்போம் மச்சான்” என்றேன். நம் ஊரில் “பார்ப்போம்” என்ற சொல்லைச் சொல்பவன் ‘இல்லை’ என்று நினைத்துச் சொல்கிறான். கேட்பவன் ‘ஓம்’ என்று எடுத்துக்கொள்கிறான். அவன் வேறு ஒருவரையும் தேடவில்லை. கலியாணத்துக்குப் பத்து நாள் இருக்கையில் நான் மறுக்க வாயெடுத்தபோது, முகூர்த்த மாதமாகையால் ஊரிலுள்ள படப்பிடிப்பாளர்கள் எல்லோரும் முன்பே பேசப்பட்டுவிட்டார்கள். வேறு வழியின்றிப் போனேன்.

கூலிக்குப் போகும்போது நான் தனியே போவதில்லை. உதவிக்கு ஒருவர், இரண்டாவது கமரா, இரண்டாவது பிளாஷ் எல்லாம் உடன் வரும். உதவியாளருக்குக் கூலி கொடுக்க அன்று வழியில்லை. ஆகவே ஒரு கமராவுடன் தனியே நின்றேன். பிளாஷுக்குப் போடும் நான்கு சிறு பற்றறிகளும் தளரத் தொடங்கினால், ஒரு வெளிச்சத்துக்கும் அடுத்த வெளிச்சத்துக்கும் இடையில் எடுக்கும் நேரம் நீண்டுகொண்டு போகும். அது தெரிந்ததும் பற்றறியை மாற்றிவிட வேண்டும். நான் அதைக் கவனித்தேன். ஆனால் மாற்றுப் பற்றறி மண்டபத்தின் மறுகோடியில் பையில் இருந்தது. எடுத்துத் தர ஆளில்லை. கெட்டிமேளம் முழங்கியது. முதல் இரு படங்களுக்கு வெளிச்சம் விழுந்தது. மூன்றாவதும் நான்காவதும் இருண்டு போயின. அதற்குள் தாலி கட்டி முடிந்துவிட்டது. மறுபடியும் ஒருமுறை கட்டுங்கள் என்று கேட்கக்கூடிய காரியமா அது?

கூலி வாங்கியிருந்தால் அந்தக் குறைக்கு நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். பணத்தில் ஒரு பங்கையாவது திருப்பிக் கொடுத்திருப்பேன். சும்மா செய்ததால் அவர்களாற் கோபிக்கவும் முடியவில்லை. என்னாற் சமாதானம் சொல்லவும் முடியவில்லை. அல்பம் கொடுக்க மூன்று மாதம் சென்றது. பணம் தரும் வேலைகள் முன்னே நிற்க, அது பின்னே தள்ளப்பட்டுக்கொண்டே போயிற்று. அந்த மூன்று மாதமும் நண்பனைச் சந்தியிற் கண்டால் நான் வேறு ஒழுங்கையால் திரும்பிப் போனேன். நட்பைக் காக்க ஒப்புக்கொண்ட வேலை நட்பையே தின்றது.

பின்பு ஒருநாள் கடதாசியும் பேனாவும் எடுத்துக் கணக்குப் பார்த்தேன். கலியாண வீட்டில் நின்றது 9 மணித்தியாலம். எடுத்த படங்கள் ஏறக்குறைய 1,400. அவற்றைக் கணினியில் ஏற்றி வேறோர் இடத்திலும் பிரதி வைக்க 1 மணி. கண் மூடியவை, அசைந்தவை, ஒன்றுபோல் இருப்பவை ஆகியவற்றைக் கழித்து 350 படங்களைத் தெரிய 3 மணி. ஒவ்வொன்றிலும் வெளிச்சத்தையும் நிறத்தையும் திருத்த 3 நிமிடம் வைத்தாலும் பதினேழரை மணி. நாற்பது பக்க அல்பத்தை அமைக்க, பக்கத்துக்குக் கால் மணியாக 10 மணி. “மாமியின் படத்தைப் பெரிதாக்கு, சித்தப்பாவை முன்பக்கத்தில் வை” என்று வந்த திருத்தங்களுக்கு 4 மணி. மொத்தம் நாற்பத்துநாலரை மணித்தியாலம். இதில் நண்பன் கண்ணாற் கண்டது ஒன்பது மாத்திரமே. அவன் கேட்டது ஒரு பகல்; நான் கொடுத்தது ஒரு வாரத்துக்கு மேற்பட்ட உழைப்பு. அவன்மீதும் பிழையில்லை. காணாத வேலையை அவன் எப்படி அறிவான்? சொல்லாமல் விட்டவன் நானல்லவா?

சென்ற வருடம் இன்னொரு நண்பன் வந்தான். “மச்சான், அக்காவின்ரை கலியாணத்துக்கு நீதான் படம் எடுக்கவேணும். உனக்கென்ன, கமரா இருக்குத்தானே” என்றான். கலியாணத்துக்கு இரண்டரை மாதம் இருந்தது. கமரா பழுது, பரீட்சை வருகிறது என்று பொய்க் காரணம் சொல்ல நா எழுந்தது. ஆனால் பொய்க் காரணம் தீர்ந்துவிடும். “பரீட்சை முடிந்துவிட்டதே” என்று அவன் திரும்பி வந்தால் என்ன செய்வது? ஆகவே அன்றைக்கே, அந்த இடத்திலேயே சொன்னேன்: “நான் எடுக்கேலாது மச்சான். படிப்புக்குக் காசு வாற வேலை இது. ஒரு கலியாணத்துக்கு ஒரு கிழமைக்கு மேலே போகும். சும்மா செய்தால் அரைகுறையாய்த்தான் செய்வன். அக்காவுக்கு அது வேண்டாம்.” பின்பு கணக்கெழுதிய அந்தக் கடதாசியையே அவனுக்குக் காட்டினேன்.

முதலில் விடை, அடுத்து ஒரே ஒரு உண்மைக் காரணம், அவ்வளவுதான். காரணங்கள் கூடக்கூட ஒவ்வொன்றையும் அவன் தீர்க்கப் பார்ப்பான், நாமும் இளகுவோம். “பாதிக் காசுக்குச் செய்கிறேன்” என்றும் நான் சொல்லவில்லை. பாதிக் காசுக்கும் முழு வேலைதான்.

ஆனால் வெறுங்கையுடன் அவனை அனுப்பவில்லை. இத்தொழிலை நன்றாகச் செய்யும் இருவரின் தொலைபேசி இலக்கங்களைக் கொடுத்தேன். “கலியாணத்துக்கு முதற்கிழமை வந்து அக்காவையும் அம்மம்மாவையும் இருத்தி ஒரு படம் எடுத்து, சட்டம் போட்டுத் தருவன், அது என்ரை அன்பளிப்பு” என்றேன். ஒரேயொரு படம், எல்லை தெரிந்த கொடை. அரை நாளில் அது முடிந்தது.

அவன் உடனே மகிழ்ந்தான் என்று சொன்னால் அது பொய். இரண்டு கிழமை என்னுடன் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆயினும் கலியாணத்துக்கு அழைத்தான். நான் கமரா இல்லாமற் போய், பந்தியிற் பரிமாறினேன். அவர்கள் அமர்த்திய படப்பிடிப்பாளர் முகூர்த்தத்துக்குக் கால் மணிக்கு முன் பிளாஷின் பற்றறிகளை மாற்றுவதைத் தூர நின்று பார்த்தேன்.

இங்கிருக்கும் பெரியவர்களிற் சிலர், “சிநேகிதத்துக்குள் கணக்கா தம்பி?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. செத்த வீட்டுக்குப் பந்தல் போடுவதற்கும் கோயிற் கிணறு இறைப்பதற்கும் நானும் கணக்குப் பார்ப்பதில்லை. அங்கே எல்லோரும் தோள் கொடுக்கிறோம். நாளை என் வீட்டுக்கும் அதே தோள்கள் வரும். கலியாண வீட்டிலோ மேளகாரருக்கும் சமையற்காரருக்கும் சோடனைக்காரருக்கும் கூலி பேசிவிட்டு, நண்பன் என்பதால் ஒருவனை மட்டும் சும்மா நிறுத்துகிறோம். அந்த வித்தியாசத்தையே சொல்கிறேன்.

இளைஞர்களே, கொடுக்க மனமிருந்தால் அளவு சொல்லிக் கொடுங்கள். மனமில்லாவிட்டால், அவன் வேறு ஆளைத் தேட நாள் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். “பார்ப்போம்” என்று மாத்திரம் சொல்லாதீர்கள்.