கார்டில் கட்டின ஆயிரம் எங்கே போகுது?
(புதுமடம் குழுக் கூட்டத்தில் பேசியது)

நம்ம குழுவுல தவணை கட்டினா முதல்ல வட்டி, பிறகுதான் அசல் வரவாகும். கிரெடிட் கார்டுலயும் அப்படித்தான்.

ஒரு பில் 9,800 ரூபாய்னு வைங்க. கடையில வாங்கினது 6,000, ஏ.டி.எம்.ல எடுத்தது 3,000, அப்படி எடுத்ததுக்குக் கட்டணம் 500, வட்டியும் வரியும் 300. நீங்க 1,000 கட்டினா, பெரும்பாலும் வரி, வட்டி, கட்டணத்துக்கே 800 போயிடும். அசல்ல 200தான் குறையும். அந்த 200 ஏ.டி.எம். பணத்துல கழியுமா, கடைப் பாக்கியில கழியுமா என்பது பேங்குக்குப் பேங்கு மாறும். விதிமுறைத் தாள்ல இருக்கும்.

ஏ.டி.எம். பணத்துக்கு எடுத்த நாள்லேர்ந்தே வட்டி ஓடும். பாக்கி இருக்கிறவரை புதுசா வாங்குற பொருளுக்கும் வாங்கின நாள்லேர்ந்தே வட்டிதான். அதனால பாக்கி தீரும்வரை அந்தக் கார்டைத் தேய்க்காதீங்க.